மலிவு சென்சாரும் குதிக்கும் எண்களும்

அனலாக்-டிஜிட்டல் மாற்றி, சுருக்கமாக ஏடிசி, ஒரு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் மின்சுற்று. வெப்பநிலை, வெளிச்சம், மண்ணின் ஈரம் போன்றவற்றை அளக்கும் பல சென்சார்கள் அளவைத் தொடர்ச்சியான மின்னழுத்தமாகத்தான் வெளியிடுகின்றன. மைக்ரோகன்ட்ரோலருக்கு அது புரியாது, எண் வேண்டும். இந்த மாற்றம் நடக்கும் இடத்தில்தான் மலிவு சென்சாரின் மீது விழும் பழிகளில் பாதி பிறக்கிறது. திரையில் எண் குதித்தால் 'சென்சார் சரியில்லை' என்று வேறொன்று வாங்கிவிடுகிறார்கள். புதியதும் அதேபோல் குதிக்கிறது.

எங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு எடுத்துக்காட்டு போதும். நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வீட்டிலேயே செய்யும் சிறிய இன்குபேட்டர் அது. தெர்மாகோல் பெட்டி, உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு, காற்றைச் சுற்றவிட ஒரு சின்ன ஃபேன், பல்பை அணைத்து எரியவைக்க ஒரு ரிலே, எல்லாவற்றையும் நடத்த ஓர் ஆர்டுவினோ ஊனோ போர்டு, வெப்பம் அறிய எல்எம்35 என்ற மூன்று கால் சென்சார். ஃபேன் வைத்த இன்குபேட்டரில் கோழிமுட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும், 21 நாளும் அது நிலையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும், அது நாள்கணக்கில் நீடித்தால், குஞ்சு பொரிக்கும் நாளும் எண்ணிக்கையும் மாறிவிடும். ஆகவே இங்கே அரை டிகிரி பெரிய விஷயம்.

எல்எம்35 வேலை செய்யும் விதம் எளிது. ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்ற கணக்கில் அதன் நடுக்காலில் மின்னழுத்தம் வரும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட், 37.5 டிகிரி என்றால் 375 மில்லிவோல்ட். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் ஏடிசி 10 பிட் கொண்டது. அதாவது தனக்குக் கொடுத்த வீச்சை 2இன் பத்தாம் அடுக்கு, 1024 படிகளாகப் பிரிக்கிறது. தரும் எண் 0 முதல் 1023 வரை. 1024 படிகள் என்று கேட்டால் நிறையத்தான் தோன்றும். ஆனால் எந்த வீச்சை 1024ஆகப் பிரிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வீச்சின் மேல் எல்லையைக் குறிப்பது ரெஃபரன்ஸ் வோல்டேஜ்.

ஆர்டுவினோவில் எதையும் மாற்றாமல் விட்டால் ரெஃபரன்ஸ் என்பது போர்டுக்கு வரும் 5 வோல்ட்தான். 5 வோல்ட்டை 1024ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 4.88 மில்லிவோல்ட். எல்எம்35 கணக்கில் அது கிட்டத்தட்ட அரை டிகிரி. பெட்டிக்குள் சரியாக 37.5 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 375ஐ 4.88ஆல் வகுக்க 76.8 வரும். ஏடிசி பின்னம் தராது. 76 என்றோ 77 என்றோதான் சொல்லும். 76 வந்தால் திரையில் 37.11 டிகிரி, 77 வந்தால் 37.60 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் வேறு எந்த எண்ணும் இந்த அமைப்பில் வரவே முடியாது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டச் சொல்லி நிரலில் எழுதினால், அந்த இலக்கங்கள் துல்லியம் இருப்பதுபோல் ஒரு தோற்றத்தைத் தரும், அவ்வளவுதான். திரையில் எண் 37.11, 37.60, 37.11 என்று தாவிக்கொண்டிருந்தால் பெட்டியின் சூடு அரை டிகிரி ஏறி இறங்குகிறது என்று அர்த்தமில்லை. ஏடிசி இரண்டு படிகளுக்கு நடுவே தடுமாறுகிறது என்பதே அதன் பொருள்.

படி பெரிதாக இருப்பதைவிட மோசமான இன்னொரு குறை இதே ஏற்பாட்டில் ஒளிந்திருக்கிறது. ஏடிசி எந்த மின்னழுத்தத்தையும் தனியாக அளப்பதில்லை. ரெஃபரன்ஸில் அது எத்தனை பங்கு என்றுதான் சொல்கிறது. ரப்பரால் செய்த அளவுகோல் போல, ரெஃபரன்ஸ் சுருங்கினால் அளக்கப்படும் பொருள் நீளமாகத் தெரியும். யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் எப்போதும் 5 வோல்ட்டாக இருப்பதில்லை. கேபிள் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், ரிலேயும் ஃபேனும் அதே சப்ளையில் ஓடினால், போர்டுக்கு வந்து சேர்வது 4.7 வோல்ட்டாக இருக்கலாம்.

அப்போது நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4.7 வோல்ட்டை 1024ஆல் வகுத்தால் ஒரு படி 4.59 மில்லிவோல்ட். 375 மில்லிவோல்ட்டுக்கு ஏடிசி தருவது 81 அல்லது 82. நிரலோ ரெஃபரன்ஸ் 5 வோல்ட் என்றே நம்பிக் கணக்கிடுகிறது. 82 என்ற எண்ணை அது 40 டிகிரி என்று படிக்கிறது. சூடு அதிகம் என்று பல்பை அணைத்துவிடுகிறது. திரையில் 37.5 காட்டும்வரை பெட்டி ஆறும். அந்த நேரத்தில் உள்ளே உண்மையில் இருப்பது 35.25 டிகிரி. திரை நிலையாக, அழகாக 37.5 என்று காட்டிக்கொண்டே இருக்கும். முட்டைகள் இரண்டு டிகிரிக்கும் அதிகமான குறைந்த சூட்டில் கிடக்கும். குதிக்கும் எண்ணைவிட இந்த நிலையான பொய் ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

இரண்டு குறைக்கும் சேர்த்து ஒரே மருந்து அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏடிமெகா328பி தனக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்றை வைத்திருக்கிறது. நிரலில் `analogReference(INTERNAL)` என்று ஒரு வரி எழுதினால் ஏடிசி அதற்கு மாறிவிடும். ஒரு படி இப்போது 1.07 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 0.1 டிகிரி. மேல் எல்லை 110 டிகிரி. இன்குபேட்டருக்கு அது தாராளம். எல்எம்35இன் இயல்பும் இந்த ரெஃபரன்ஸும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் துல்லியம் நாலரை மடங்கு கூடுகிறது. அதோடு, இந்த 1.1 வோல்ட் சில்லுக்குள் தனியாக உருவாவதால், சப்ளை 5லிருந்து 4.7க்கு இறங்கினாலும் பெரிதாக அசையாது.

ஒரு சிக்கல் உண்டு. 1.1 வோல்ட் என்பது பெயரளவு. தயாரிப்பாளரின் விவரத்தாளின்படி ஒவ்வொரு சில்லிலும் அது 1.0 முதல் 1.2 வோல்ட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சில்லில் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஏறக்குறைய நிற்கும். ஆகவே ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டால் போதும். முதலில் `analogReference(INTERNAL)` உள்ள நிரலை ஏற்றி, அதில் குறைந்தது ஒருமுறையாவது `analogRead(A0)` நடக்கவிட வேண்டும், ஏனென்றால் ரெஃபரன்ஸ் மாறுவது அந்த வாசிப்பின்போதுதான். பிறகு மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசி வரிசையில் வைத்து, போர்டில் ஏரெஃப் என்று குறித்த முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். மீட்டர் 1.080 என்று காட்டினால் நிரலில் 1.1 என்பதற்குப் பதில் 1.080 என்று எழுத வேண்டும்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் சிறு கணக்குதான். ரெஃபரன்ஸ் 1.08 வோல்ட்டாக இருக்கும் சில்லில் 375 மில்லிவோல்ட் 355.56ஆம் படியில் விழும். ஏடிசி 355 அல்லது 356 என்று தரும். 356ஐ 1.1 என்ற தவறான எண்ணால் கணக்கிட்டால் 38.24 டிகிரி வரும். 1.08 என்று திருத்திக் கணக்கிட்டால் 37.55. முக்கால் டிகிரித் தவறு ஒரு எண்ணைத் திருத்தியதில் போய்விடுகிறது.

ரெஃபரன்ஸை மாற்றும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஏரெஃப் முனையோடு போர்டில் ஒரு கெப்பாசிட்டர் இணைந்திருக்கிறது. 5 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்கு அது இறங்கச் சில மில்லிநொடிகள் ஆகும். அதுவரை வரும் முதல் சில எண்கள் பொய். அவற்றைப் படித்துத் தூக்கியெறிந்துவிட வேண்டும். இரண்டாவது, உள் ரெஃபரன்ஸைப் பயன்படுத்தும்போது ஏரெஃப் முனையில் வெளியிலிருந்து எந்த மின்னழுத்தமும் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பதும் வெளியே கொடுப்பதும் மோதி சில்லு கெடக்கூடும்.

உள் ரெஃபரன்ஸ் எல்லாச் சென்சாருக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. தெர்மிஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக இணைத்து, 5 வோல்ட்டிலிருந்து ஊட்டி, நடுவில் அளப்பது வழக்கம். அந்த நடு மின்னழுத்தம் 5 வோல்ட்டின் ஒரு பங்கு. சப்ளை 4.7க்கு இறங்கினால் நடுவும் அதே விகிதத்தில் இறங்கும். ரெஃபரன்ஸும் அதே சப்ளையாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், எண் மாறாது. வால்யூம் திருகும் பொட்டென்ஷியோமீட்டரும் அப்படியே. இவற்றுக்குச் சப்ளையே சரியான ரெஃபரன்ஸ். எல்எம்35 அப்படியல்ல. சப்ளை 4 வோல்ட்டுக்கு மேல் எவ்வளவாக இருந்தாலும் அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தரும். சப்ளையோடு சேர்ந்து அசையாத சென்சாருக்கு அசையாத ரெஃபரன்ஸ் வேண்டும்.

படியும் ரெஃபரன்ஸும் சரியான பிறகு இரைச்சல் வெளியே தெரியும். முன்பு அரை டிகிரிப் படிக்குள் மறைந்து கிடந்த சிறு அசைவுகள் இப்போது 0.1 டிகிரிப் படியில் மூன்று நான்கு படித் தாவலாகக் காட்சி தரும். ரெஃபரன்ஸை மாற்றியதும் எண் இன்னும் அதிகமாகக் குதிக்கிறது என்று பலர் திகைப்பது இதனால்தான். குதிப்பு கூடவில்லை, கண் கூர்மையாகியிருக்கிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் போதும். ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் மாட்டி, எதிர்முனையைக் கிரவுண்டுக்கும் நடுப்புள்ளியை `A0`க்கும் கொடுத்தால் முக்கால் வோல்ட் அளவில் அசைவே இல்லாத மின்னழுத்தம் கிடைக்கும். சென்சாரைக் கழற்றிவிட்டு இதை மாட்டி எண்களைப் பார்க்க வேண்டும். ஒரு படிக்குள் நின்றால் போர்டும் ரெஃபரன்ஸும் நலம், குற்றவாளி சென்சாரோ அதன் கம்பியோ. இதிலும் குதித்தால் தவறு போர்டிலோ அதன் சப்ளையிலோ இருக்கிறது. சென்சாரை மாற்றிப் பயனில்லை. `A0`வை நேராகக் கிரவுண்டில் மாட்டிச் சோதிப்பது ஏமாற்றும். சுழியத்துக்குக் கீழே ஏடிசிக்கு எண்ணே இல்லை என்பதால் கீழ்நோக்கிய இரைச்சல் முழுதும் மறைந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் 0, 0, 0 என்று வரும்.

இன்குபேட்டரில் மிக அதிகமாகக் கண்ணில் படும் குற்றவாளி கிரவுண்ட் கம்பிதான். பிரெட்போர்டில் வேலை செய்பவர்கள் ரிலே, ஃபேன், சென்சார் எல்லாவற்றின் கிரவுண்டையும் ஒரே நீலக் கோட்டில் குத்தி, அங்கிருந்து ஒரே ஜம்பர் கம்பியில் போர்டுக்குக் கொண்டுபோவார்கள். 5 வோல்ட் ரிலேயின் காயில் ஏறக்குறைய 70 மில்லியாம்பியர் இழுக்கும். அந்தக் கம்பிக்கும் தொடுமுனைகளுக்கும் சேர்த்து பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 7 மில்லிவோல்ட் அதில் விழும். சென்சாரின் கிரவுண்ட் அவ்வளவு உயர்ந்துவிடுகிறது. அதன் வெளியீடும் சேர்ந்து உயர்கிறது. 7 மில்லிவோல்ட் என்றால் 0.7 டிகிரி.

இதன் விளைவு வேடிக்கையானது. சூடு குறைவாக இருக்கிறது என்று நிரல் ரிலேயைப் போடுகிறது. போட்ட உடனே அளவு 0.7 டிகிரி கூடிக் காட்டுகிறது. போதுமான சூடு வந்துவிட்டது என்று நிரல் ரிலேயை அணைக்கிறது. அணைத்த உடனே அளவு குறைகிறது, மறுபடி போடுகிறது. ரிலே டக் டக் என்று அடித்துக்கொள்ளும், தொடுமுனைகள் சீக்கிரம் தேயும். கண்டுபிடிப்பது எளிது. ரிலே ஒலித்த அதே நொடியில் எண் தாவினால் அது வெப்பமல்ல. பெட்டிக்குள் காற்று ஒரு நொடியில் முக்கால் டிகிரி ஏறாது. தீர்வும் எளிது. எல்எம்35இன் கிரவுண்ட் காலிலிருந்து ஒரு தனிக் கம்பி நேராகப் போர்டின் கிரவுண்ட் முனைக்குப் போக வேண்டும். ரிலேயின் மின்னோட்டம் அந்தக் கம்பியைத் தொடவே கூடாது. ரிலேக்கும் ஃபேனுக்கும் தனி சப்ளை கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்போதும் இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் ஓரிடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சென்சார் கம்பி. அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளக் கம்பி 230 வோல்ட் பல்புக் கம்பியோடு ஒட்டிப் போனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் அதில் ஏறும். 5 மில்லிவோல்ட் ஏறினாலே அரை டிகிரி மேலும் கீழும் ஆடும். பல்புக் கம்பியிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதும், சென்சாரின் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவதும் பாதி வேலையை முடிக்கும். நீளக் கம்பிக்கு எல்எம்35இடம் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் 50 பிக்கோஃபாரடைத் தாண்டினால் அது தானாகவே அதிரத் தொடங்கலாம் என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. சென்சாரின் கால் அருகிலேயே ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் கம்பியின் சுமை சென்சாரைத் தாக்காது.

ஆகவே இரண்டு தொல்லைக்கும் ஒரே மலிவான ஏற்பாடு போதும். சென்சாரின் வெளியீட்டுக் காலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கம்பியின் மறுமுனையில் `A0`க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. கெப்பாசிட்டர் போர்டுக்கு அருகே இருக்க வேண்டும். இந்த ஜோடி 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அசைவுகளை அடக்கும். 50 ஹெர்ட்ஸ் முனகல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கைபேசியும் ரிலேயும் கிளப்பும் வேகமான இரைச்சல் ஏறக்குறைய மறைந்தே போகும். இதை நிரலில் மட்டும் செய்துவிடலாமே என்று தோன்றலாம். முடியாது. ஏடிசி பார்க்கும் வேகத்தைவிட வேகமாக ஆடும் இரைச்சல், எண்ணாக மாறும்போது மெதுவான அசைவாக வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடும். வந்தபின் உண்மையான வெப்ப மாற்றத்திலிருந்து அதைப் பிரிக்க வழியில்லை. வாசலிலேயே தடுக்க வேண்டியது அது.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் இரைச்சலைத்தான் சராசரி எடுத்துக் குறைக்க வேண்டும். ஒழுங்கற்ற இரைச்சல் ஒருமுறை கூட்டும், ஒருமுறை குறைக்கும். பல வாசிப்புகளைச் சேர்த்தால் பெரும்பகுதி தானாகக் கழிந்துவிடும். எத்தனை வாசிப்பு சேர்க்கிறோமோ அதன் வர்க்கமூல அளவுக்கு இரைச்சல் குறையும். 4 வாசிப்பு எடுத்தால் பாதி, 100 வாசிப்பு எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. முதல் சில வாசிப்புகள் தரும் லாபம் பெரிது, அதற்குமேல் லாபம் சுருங்கிக்கொண்டே போகும்.

ஆனால் எத்தனை வாசிப்பு என்பதைவிட எவ்வளவு நேரத்துக்கு எடுக்கிறோம் என்பது இந்தியாவில் முக்கியம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் மேலே போனதும் கீழே போனதும் சமமாகி முனகல் கழிந்துவிடும். அரைச் சுற்றில் நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்த எண் வரும். ஊனோ ஒரு வாசிப்புக்கு 100 மைக்ரோநொடிக்குச் சற்று அதிகம் எடுக்கும். ஆகவே 100 மில்லிநொடி, அதாவது ஐந்து முழுச் சுற்று, தொடர்ந்து வாசித்தால் ஏறக்குறைய 900 எண்கள் கிடைக்கும்.

```
const float VREF = 1.080;

void setup() {
  Serial.begin(9600);
  analogReference(INTERNAL);
  for (int i = 0; i < 20; i++) {
    analogRead(A0);
    delay(5);
  }
}

float readTemp() {
  unsigned long sum = 0;
  unsigned int n = 0;
  unsigned long t0 = micros();
  while (micros() - t0 < 100000UL) {
    sum += analogRead(A0);
    n++;
  }
  return (float)sum / n * VREF * 100.0 / 1024.0;
}

void loop() {
  Serial.println(readTemp(), 2);
  delay(900);
}
```

`VREF` என்ற இடத்தில் மீட்டரில் அளந்த எண் வர வேண்டும். `setup` பகுதியில் உள்ள 20 வாசிப்புகள் ஏரெஃப் கெப்பாசிட்டர் இறங்கும்வரை வரும் பொய் எண்களைத் தள்ளிவிடத்தான். `sum` என்ற மாறியை `int` ஆக வைப்பது வழக்கமாக நேரும் தவறு. ஊனோவில் `int` 32,767க்கு மேல் தாங்காது. 355 அளவில் வரும் எண்கள் நூறு சேர்வதற்குள் நிரம்பி, திரையில் எதிர்மறை வெப்பநிலை வரத் தொடங்கும்.

இந்தச் சராசரி ஒரு சிறிய விந்தையும் செய்கிறது. 375 மில்லிவோல்ட் 355.56ஆம் படியில் விழுகிறது என்று பார்த்தோம். இரைச்சல் துளியும் இல்லாவிட்டால் ஏடிசி 900 முறையும் 356 என்றே சொல்லும், சராசரியும் 356தான். இரைச்சல் ஒரு படி அளவுக்கு இருந்தால் நூற்றில் 56 முறை 356 என்றும் 44 முறை 355 என்றும் வரும். சராசரி 355.56. இரண்டு படிகளுக்கு நடுவே இருக்கும் உண்மை, படிகளே இல்லாத இடத்தில், வெளியே வந்துவிட்டது. 1.08ஐ வைத்துக் கணக்கிட்டால் சரியாக 37.50 டிகிரி. இதை ஓவர்சாம்ப்ளிங் என்பார்கள். ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் நான்கு மடங்கு வாசிப்பு வேண்டும். 10 பிட் ஏடிசியை 12 பிட்டாக நடத்த 16 வாசிப்பு போதும். சிறிதளவு இரைச்சல் இங்கே எதிரியல்ல, கூலியில்லாத உதவியாள். அதனால்தான் இரைச்சலை அறவே ஒழிக்கப் பாடுபடுவது வீண். ஒரு படி அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

சராசரியால் தீராதவையும் இருக்கின்றன. ரெஃபரன்ஸ் தவறாக இருந்தால் ஆயிரம் வாசிப்பின் சராசரியும் அதே அளவு தவறாகத்தான் இருக்கும். கிரவுண்ட் கம்பியில் விழும் 7 மில்லிவோல்ட்டும் அப்படியே. ரிலே மாறும் கணத்தில் வரும் பெரிய துள்ளல் ஒன்றே ஒன்று சராசரியை இழுத்துவிடும். அதற்கு ரிலேயை மாற்றிய பிறகு 50 மில்லிநொடி பொறுத்துப் படித்தால் போதும். இன்னொன்று, சராசரிக் காலத்தை நீட்டினால் அளவு உண்மையைவிடப் பின்தங்கும். இன்குபேட்டரின் சூடு மெதுவாக மாறுவதால் ஒரு நொடித் தாமதம் பாதிக்காது. வேகமாகச் சூடேறும் சாலிடரிங் அயர்னில் அதே தாமதம் சூட்டைத் தாண்டவைத்துவிடும்.

எண் நிலையாகிவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்று பொருளல்ல. எல்எம்35டி வகை சென்சார் அறை வெப்பநிலையில் ஒன்றரை டிகிரி வரை கூடவோ குறையவோ காட்ட அதன் விவரத்தாளே இடம் தருகிறது. பெரும்பாலானவை அதைவிடச் சரியாக இருக்கும், ஆனால் கையில் உள்ளது எது என்று அளந்துதான் தெரியும். இன்குபேட்டர்காரருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அவருக்கு வேண்டிய 37.5 டிகிரி, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் வீச்சுக்குள்ளேயே வருகிறது. அந்த மீட்டர்கள் பொதுவாக 0.1 டிகிரித் துல்லியம் கொண்டவை. கால்களைச் சுருங்கு குழாயால் மூடி, சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, பிளாஸ்கில் 37.5 டிகிரி அளவில் வெந்நீர் ஊற்றி, தெர்மாமீட்டரையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிடலாம். தெர்மாமீட்டர் தான் கண்ட உச்ச அளவையே பிடித்துவைத்துக் காட்டும். ஆகவே அது ஒலித்த உடனே சென்சாரின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் 0.4 என்றால் நிரலில் அந்த 0.4ஐக் கழித்தோ கூட்டியோ விடலாம். ஒரே ஒரு வெப்பநிலையில் செய்யும் இந்தத் திருத்தம் 37.5க்கு அருகில் மட்டுமே செல்லும், இன்குபேட்டருக்கு வேண்டியதும் அதுதான்.

அதிக பிட் கொண்ட ஏடிசி வாங்கினால் தீராதா என்ற கேள்வி எழும். ஈஎஸ்பி32 போர்டின் ஏடிசி 12 பிட் என்று பெயர். ஆனால் அதன் வீச்சின் இரு ஓரங்களிலும் வரைபடம் வளைந்துவிடும். அதன் உள் ரெஃபரன்ஸும் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வோல்ட் வரை மாறும். இரண்டாவது ஏடிசித் தொகுதியின் முனைகளை வைஃபை ஓடும்போது பயன்படுத்தவும் முடியாது. அதோடு 3.3 வோல்ட்டில் எல்எம்35 சரியாக வேலை செய்யாது, அதற்கு 4 வோல்ட்டாவது வேண்டும். ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சில்லு 16 பிட் கொண்டது, தன் ரெஃபரன்ஸைத் தானே வைத்திருக்கிறது, மெதுவாகவும் நிதானமாகவும் அளக்கிறது. தெர்மோகப்பிள், லோட்செல் போன்று மில்லிவோல்ட்டின் சிறு பங்குகளைத் தரும் சென்சார்களுக்கு அப்படிப்பட்ட ஏடிசி தேவை. எல்எம்35க்கு அது தேவையில்லை. சென்சாரே ஒன்றரை டிகிரி தவறலாம் என்றிருக்கும்போது டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கைப் படிப்பதால் திரையில் இலக்கம் கூடுமே தவிர முட்டைக்குக் கிடைக்கும் சூடு மாறாது. நிரலில் ஒரு வரி, ஒரு தனி கிரவுண்ட் கம்பி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், பிளாஸ்க் வெந்நீரில் ஒரு ஒப்பீடு ஆகியவற்றைச் செய்த ஊனோ, இன்குபேட்டருக்குப் போதுமான அளவுகருவி.